பத்தடிக் கூரையும் பூர்வீக வீட்டுக் கூரையும்: அட்மாஸ் சவுண்ட்பார் எங்கே வேலை செய்யும்?

*அண்ணே, காரைக்குடியில் புது வீடு முடிந்துவிட்டது. ஹால் 16 அடிக்கு 12 அடி, காங்கிரீட் கூரை 10 அடி உயரம். அட்மாஸ் சவுண்ட்பார் வாங்கினால் கூரையில் பட்டு சத்தம் மேலிருந்து வரும் என்று கடையில் சொல்கிறார்கள். நிஜமாகவே வருமா? கானாடுகாத்தானில் இருக்கும் எங்கள் பூர்வீக வீட்டுக்கும் விசேஷ நாட்களில் அதையே எடுத்துப்போய் வைக்கலாமா? பாரில் என்னென்ன இருக்கிறது என்று பார்த்து வாங்கவேண்டும்?*

புது ஹாலில் வரும் தம்பி. மழை, பறவைச் சத்தம், இலைச் சலசலப்பு, மேலே பறந்து போகிற எதுவானாலும் அதன் கீச்சுக் குரல், இவையெல்லாம் டிவிக்கு மேலே, கூரையின் முன்பாதியிலிருந்து வருவதுபோல் கேட்கும். தலைக்கு நேர் மேலேயும் முதுகுக்குப் பின்னாலும் அதே அனுபவம் வேண்டுமென்றால் பின் ஸ்பீக்கர்கள் தனியாக வேண்டும். கானாடுகாத்தான் வீட்டில் அதே பாரை வைத்தால் படம் பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் மேலிருந்து வரும் சத்தம் அநேகமாகக் கிடைக்காது. அதற்குக் காரணம் பாரைவிடக் கூரைதான். அதனால் முதலில் கூரையைப் பற்றிச் சொல்லிவிட்டு அப்புறம் பாருக்கு வருகிறேன்.

டால்பி அட்மாஸ் 2012-ல் தியேட்டர்களுக்கு வந்தது, 2014-ல் வீடுகளுக்கு வந்தது. அதற்கு முன்பிருந்த முறையில் ஒவ்வொரு சத்தமும் ஒரு குறிப்பிட்ட ஸ்பீக்கருக்கென்று எழுதப்பட்டிருக்கும். அட்மாஸில் அதோடு கூட, இந்தச் சத்தம் அறையில் இந்த இடத்தில், இந்த உயரத்தில் இருக்கிறது என்ற குறிப்பும் சேர்ந்து வருகிறது. உங்கள் வீட்டில் இருக்கிற ஸ்பீக்கர்களை வைத்து அந்த இடத்தை எப்படி உண்டாக்குவது என்பதைப் பாருக்குள் இருக்கும் சிப் முடிவு செய்யும். மேலே ஸ்பீக்கரே இல்லையென்றால் அந்தச் சத்தம் தொலைந்துபோகாது, முன்னால் இருக்கும் ஸ்பீக்கர்களில் கலந்துவிடும். 'அட்மாஸ் சப்போர்ட்' என்று பெட்டியில் போட்டிருக்கும் விலை குறைந்த பார்கள் பலவற்றில் நடப்பது இதுதான். அவை அட்மாஸைப் படிக்கும், ஆனால் உயரத்தைக் காட்ட அவற்றிடம் ஒன்றும் இல்லை.

உயரத்தைக் காட்ட நேர்வழி, கூரையில் ஸ்பீக்கர் பதிப்பது. அது முடியாத வீடுகளுக்காக வந்ததுதான் மேல்நோக்கிய ஸ்பீக்கர், கடைக்காரர்கள் அப்-ஃபயரிங் என்பார்கள். பாரின் மேல்பக்கத்தில் இடது ஓரம் ஒன்று, வலது ஓரம் ஒன்று என்று சாய்வாக வைத்திருப்பார்கள். டால்பியின் அளவுப்படி நேர் மேலிலிருந்து சுமார் 20 டிகிரி உங்கள் பக்கம் சாய்ந்திருக்கும். சத்தம் கூரைக்குப் போய், பட்டு, சோஃபாவுக்கு இறங்கிவரும். கேரம் போர்டில் ஸ்டிரைக்கர் எந்தக் கோணத்தில் கட்டையில் படுகிறதோ அதே கோணத்தில் திரும்புகிறது பாருங்கள், அதே கணக்குதான்.

உங்கள் ஹாலையே எடுத்துக்கொள்வோம். பார் தரையிலிருந்து 2 அடி உயரத்தில் இருக்கிறது, சோஃபாவில் உட்கார்ந்தால் காது 3 அடி உயரத்தில், பாருக்கும் சோஃபாவுக்கும் இடையே 10 அடி என்று வைத்துக்கொள்கிறேன். பாரிலிருந்து கூரைக்கு 8 அடி ஏறவேண்டும், கூரையிலிருந்து காதுக்கு 7 அடி இறங்கவேண்டும், மொத்தம் செங்குத்தாக 15 அடி. கிடைமட்டமாக 10 அடி. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் கூரை வழியாக வரும் சத்தம் ஏறத்தாழ 18 அடி பயணம் செய்கிறது. பாரிலிருந்து நேராக வரும் சத்தத்துக்கு 10 அடிதான். ஆக, கூரை வழி வருவது சுமார் 7 மில்லி செகண்ட் தாமதமாக வரும், தூரத்தினால் மட்டும் 5 டெசிபல் குறைந்தும் வரும். தாமதத்தைப் பார் சரிசெய்துவிடும், மற்ற ஸ்பீக்கர்களை அதற்கேற்றபடி கொஞ்சம் நிறுத்திவைக்கும். குறைந்த ஒலியையும் கூட்டிக்கொள்ளும். காதுக்கு அந்தச் சத்தம் வரும் திசை கிடைமட்டத்திலிருந்து 56 டிகிரி மேலே. கூரையில் உண்மையிலேயே ஸ்பீக்கர் வைத்தால் கிடைக்கும் கோணத்துக்கு இது கிட்டத்தட்ட சமம். பத்தடிக் கூரை இந்த வேலைக்குப் பொருத்தமான கூரை.

சத்தம் கூரையில் எந்த இடத்தில் படுகிறது என்பதும் தெரிந்திருக்கவேண்டும். மேலே சொன்ன கணக்கில் பாரிலிருந்து ஐந்தே கால் அடி தள்ளி. கண்ணால் பார்க்கவேண்டுமென்றால் ஒரு சின்ன வழி இருக்கிறது. செல்போன் டார்ச்சைப் போட்டு, பாரில் மேல்நோக்கிய ஸ்பீக்கர் இருக்கும் இடத்தில் வையுங்கள். ஒருவர் ஸ்டூலில் ஏறி முகம் பார்க்கும் கண்ணாடியைக் கூரையோடு ஒட்டிப் பிடித்து நகர்த்தட்டும், நீங்கள் வழக்கமாக உட்காரும் இடத்தில் உட்கார்ந்து பாருங்கள். கண்ணாடியில் டார்ச் எங்கே தெரிகிறதோ அதுதான் சத்தம் படும் இடம். அந்த இடத்தைச் சுற்றி இரண்டு மூன்றடிக்குக் கூரை வெறுமையாகவும் சமமாகவும் இருக்கவேண்டும். அங்கே உத்தரம் வந்தால், தொங்குவிளக்கு வந்தால், ஃபால்ஸ் சீலிங்கின் இறக்கிய ஓரம் வந்தால், திரும்பும் சத்தம் வேறு பக்கம் போய்விடும். புது வீடு என்பதால் இதைக் குறிப்பாகச் சொல்கிறேன். ஃபால்ஸ் சீலிங் போடும் எண்ணம் இருந்தால் ஜிப்சம் போர்டு சமமாக இருக்கட்டும், அது காங்கிரீட் போலவே சத்தத்தைத் திருப்பும். ஆபீஸ்களில் சதுரம் சதுரமாகப் போடும் துளையுள்ள பஞ்சுத்தகடு வேண்டவே வேண்டாம். எதிரொலியைக் குடிப்பதற்காகவே செய்யப்பட்ட பொருள் அது.

இந்த முறைக்கு ஒரு எல்லை இருக்கிறது, விளம்பரத்தில் அதைச் சொல்லமாட்டார்கள். பாரில் வைக்கும் மேல்நோக்கிய ஸ்பீக்கர் சின்னது, பெரும்பாலும் இரண்டு இரண்டரை அங்குலம். அவ்வளவு சின்ன ஸ்பீக்கரால் கூர்மையான சத்தத்தை மட்டும்தான் ஒரு திசையில் குவித்து அனுப்பமுடியும். 1000 ஹெர்ட்ஸ் சத்தத்தின் ஒரு அலையே ஓரடிக்கு மேல் நீளம். இரண்டரை அங்குல ஸ்பீக்கரிலிருந்து அது கிளம்பினால் எல்லாப் பக்கமும் பரவும், நேராக உங்கள் காதுக்கும் வரும். நம் மூளைக்கு ஒரு குணம் உண்டு. ஒரே சத்தம் இரண்டு வழியாக வந்தால், முதலில் வந்த திசையைத்தான் அது நம்பும். கூரை வழியாக வருவது 7 மில்லி செகண்ட் பிந்தி வருவதால், நேராகக் கசிந்து வந்த பங்கு போதிய பலத்தோடு இருந்தால் 'சத்தம் பாரிலிருந்துதான் வருகிறது' என்று மூளை முடிவுகட்டிவிடும். இந்தக் கசிவைப் பாரால் சரிசெய்யமுடியாது, ஏனென்றால் இரண்டும் ஒரே ஸ்பீக்கரிலிருந்து ஒரே நேரத்தில் கிளம்புபவை. அதனால்தான் நல்ல பார்களில் இந்த ஸ்பீக்கரை மேல்பக்கத்தில் கொஞ்சம் உள்வாங்கி, முன்விளிம்பு மறைக்கும்படி வைக்கிறார்கள்.

இதிலிருந்து நடைமுறையில் தெரியவருவது இதுதான்: மழையும் பறவையும் மேலே போகும், ஹெலிகாப்டரின் 'தப தப' கீழேதான் இருக்கும். அதன் விசிறிச் சத்தத்தின் மேல்பகுதி கூரையில் கேட்கும், அடிக்குரல் பாரிலும் சப்வூஃபரிலும் கேட்கும். டால்பி தன் வரையறையிலேயே மேல்நோக்கிய ஸ்பீக்கரை சுமார் 180 ஹெர்ட்ஸுக்குக் கீழே பயன்படுத்துவதில்லை, அதற்குக் கீழே உள்ளதை மற்ற ஸ்பீக்கர்களுக்கு அனுப்பிவிடுகிறது. இது குறை என்றாலும் பெரிய குறை இல்லை. உயரத்தைக் காது கண்டுபிடிப்பதே பெரும்பாலும் கூர்மையான சத்தத்தை வைத்துத்தான்.

அது எப்படி என்றால், இடது வலது தெரிய நமக்கு இரண்டு காதுகள் இருக்கின்றன, எந்தக் காதுக்கு முதலில் வந்தது என்று பார்த்தால் போதும். மேலே கீழே என்று வரும்போது இரண்டு காதுக்கும் ஒரே நேரத்தில்தான் வரும். அப்போது காதுமடல்தான் துணை. மடலின் மடிப்புகளில் பட்டுத் திரும்பும்போது வரும் திசைக்கேற்பச் சில அதிர்வெண்கள் கூடும், சில குறையும். 1960-களின் இறுதியில் யென்ஸ் பிளவர்ட் என்ற ஜெர்மன் ஆய்வாளர் ஒரு வேடிக்கையைக் காட்டினார். 8000 ஹெர்ட்ஸ் அருகில் உள்ள குறுகிய இரைச்சலைக் கேட்டவர்கள், ஸ்பீக்கர் உண்மையில் எங்கே இருந்தாலும் சரி, மேலிருந்து வருவதாகவே சொன்னார்கள். டால்பி இதைப் பயன்படுத்திக்கொள்கிறது. மேல்நோக்கிய ஸ்பீக்கருக்குப் போகும் சத்தத்தை, மேலிருந்து வந்தால் காதுமடல் எப்படி மாற்றுமோ அப்படியே முன்கூட்டி மாற்றி அனுப்புகிறது. கூரையில் பட்டு வருவது பாதி வேலை, இந்த வடிகட்டல் மீதி வேலை. மேல்நோக்கிய ஸ்பீக்கரே இல்லாத 'விர்ச்சுவல்' பார்கள் இந்த இரண்டாவது பாதியை மட்டும் வைத்து ஓட்டுகின்றன. காதுமடல் ஆளுக்கு ஆள் வேறு என்பதால் சிலருக்கு ஓரளவு பலிக்கும், பலருக்குச் சத்தம் கொஞ்சம் அகலமானதுபோல் மட்டும் இருக்கும். என்னைக் கேட்டால் அதற்காக ஒரு ரூபாய்கூட அதிகம் கொடுக்கவேண்டாம்.

சரி, இப்போது கானாடுகாத்தான் வீடு. டால்பியின் பரிந்துரை, கூரை ஏழரை அடியிலிருந்து 12 அடிக்குள் இருக்கவேண்டும், அதிகபட்சம் 14 அடி என்பது. உங்கள் வீட்டுக் கூடத்தை, அதாவது பட்டாலையை, நான் பார்த்ததில்லை, ஆனால் அந்த ஊரில் 14 அடிக்குக் குறைந்த பட்டாலை அரிது. 14 அடி என்றே வைத்து அதே கணக்கைப் போடுவோம். 12 அடி ஏறி 11 அடி இறங்கவேண்டும், அதே 10 அடி தூரம். பயணம் 25 அடி. நேர்வழியைவிட 13 மில்லி செகண்ட் தாமதம், 8 டெசிபல் இழப்பு. எட்டு டெசிபலைச் சின்ன ஸ்பீக்கரிடம் கூட்டிவாங்கினால் கசிவும் அதே எட்டு டெசிபல் கூடும். அங்கேதான் சிக்கல். கூரை உயர உயர, கசிவுக்கும் திரும்பி வருவதற்கும் உள்ள இடைவெளி பெருகுகிறது, எந்த மெனுவில் என்ன மாற்றினாலும் அது குறையாது.

உயரத்தை ஒருவழியாகப் பொறுத்துக்கொண்டாலும் கூரையின் முகம் இருக்கிறது. பழைய வீட்டில் தேக்கு உத்தரங்களை நெருக்கமாக அடுக்கி, இடையில் செங்கலைக் குத்தாக வைத்துச் சுண்ணாம்புக் காரை போட்ட மெட்ராஸ் டெரஸ்தான் அநேகமாக இருக்கும். ஒவ்வொரு உத்தரமும் கூரையிலிருந்து நாலைந்து அங்குலம் கீழே துருத்திக்கொண்டிருக்கும். நமக்கு வேண்டிய கூர்மையான சத்தங்களின் அலைநீளமும் அந்த அளவுக்குள்தான், அதாவது சில அங்குலம். அதனால் பட்ட சத்தம் ஒரே திசையில் திரும்பாமல் பல பக்கமும் சிதறிவிடும். அறை முழுக்க இனிமையாகப் பரவும், ஆனால் 'அதோ, அங்கே மேலே' என்று கைநீட்டிக் காட்டமுடியாது. பாட்டுக் கேட்க இந்த அறைகள் நன்றாக இருப்பதற்கு இந்தச் சிதறலும் ஒரு காரணம். ஆனால் அட்மாஸுக்கு இதுவே எதிரி. உங்கள் வீட்டில் அடியில் பலகை வேய்ந்து சமமான தேக்குக் கூரையாக இருந்தால் மட்டும் கொஞ்சம் நம்பிக்கை உண்டு. மரப்பலகை சத்தத்தை நன்றாகவே திருப்பும், உயரம் மட்டும்தான் பிரச்சனை. வளவைச் சுற்றியுள்ள ஓட்டுச்சாய்ப்பில் பாரை வைப்பவர்களையும் பார்த்திருக்கிறேன். சாய்ந்த கூரை சத்தத்தை முற்றத்துக்குத் தள்ளிவிடும், அங்கே வானம்தான் இருக்கிறது. வானம் எதையும் திருப்பிக் கொடுப்பதில்லை.

தேவகோட்டைப் பக்கம் ஒரு வீட்டில் இப்படி ஒரு பார் போட்டுவிட்டு, 'மேலே சத்தமே கேட்கவில்லை, பார் பழுது' என்று கூப்பிட்டார்கள். 15 அடிக் கூரை, உத்தரம் வெளியே தெரியும் கூரை. பாரைக் கழற்றி அதே வீட்டின் மாடியில், பின்னாளில் காங்கிரீட் போட்டுக் கட்டிய ஒரு பத்தடி அறையில் வைத்துக் காட்டினேன். மழைக்காட்சி ஓடியது, வீட்டு ஆச்சி தலையைத் தூக்கிக் கூரையைப் பார்த்தார்கள். அதற்கப்புறம் பார் மாடியிலேயே தங்கிவிட்டது. உங்கள் பூர்வீக வீட்டிலும் அப்படி ஒரு பிற்காலத்து அறை இருந்தால் அதுதான் இடம். இல்லாவிட்டால் பட்டாலையில் உயரத்தை மறந்துவிட்டு, நல்ல நடு ஸ்பீக்கரும் பின் ஸ்பீக்கர்களும் உள்ள பார் என்ற அளவில் அதை அனுபவியுங்கள். உயரம் கட்டாயம் வேண்டும் என்றால் ஒரே வழி, தனி ஸ்பீக்கர்களை இயக்கும் ரிசீவர் ஒன்று வாங்கி, சின்ன ஸ்பீக்கர்களைச் சுவரில் ஒன்பது பத்தடி உயரத்தில் உங்களை நோக்கிக் குனிந்தபடி மாட்டுவது. பழைய சுண்ணாம்புப் பூச்சில் ஆணி அடிக்கவேண்டிவரும். அந்தப் பளபளப்பை மறுபடி கொண்டுவர ஆள் கிடைப்பது எளிதில்லை என்பதால் நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

புது ஹாலுக்குத் திரும்புவோம். அங்கே இரண்டு இடைஞ்சல்கள் வரும், இரண்டும் நம் ஊருக்கே உரியவை. ஒன்று மின்விசிறி. ஹாலின் நீளம் 16 அடி, அந்த நீளத்தின் ஒரு முனையில் டிவி இருந்தால் ஃபேன் சுவரிலிருந்து 8 அடியில் நடுவே தொங்கும். 48 அங்குல ஃபேன் என்றால் இறக்கை இரண்டடி முன்னால் வரும், அதாவது சுவரிலிருந்து ஆறடி தள்ளித் தொடங்கும். சத்தம் கூரையில் படும் இடமும் சுவரிலிருந்து ஏறத்தாழ ஆறடி. பட்டு இறங்கும் வழியில் அது இறக்கையின் வட்டத்துக்குள் நுழைந்துதான் வரும். மூன்று இறக்கைகள் அந்த வட்டத்தில் அடைப்பது கொஞ்சம்தான் என்பதால் சத்தம் நின்றுபோகாது. நீண்ட கீச்சொலிகளில் மட்டும் லேசான நடுக்கம் தெரியலாம். அதைவிடப் பெரிய தொல்லை ஃபேனின் இரைச்சல். உயரத்தில் வரும் சத்தங்கள் பெரும்பாலும் மென்மையானவை, முழுவேகத்தில் சுற்றும் ஃபேன் அவற்றை விழுங்கிவிடும். புழுக்கத்தில் ஃபேனை நிறுத்தச் சொல்லமாட்டேன், படம் பார்க்கும்போது இரண்டாம் நம்பருக்குக் குறைத்தாலே வித்தியாசம் தெரியும். ஏசி போடும் வீடென்றால் கவலை இல்லை.

மற்றொன்று ஆத்தங்குடி டைல்ஸ். உங்கள் புது வீட்டிலும் அதைத்தான் போட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். வழுவழுப்பான தரை, வெறும் சுவர், காங்கிரீட் கூரை, மூன்றும் சேர்ந்தால் கைதட்டினால் 'டங்' என்று ஒரு உலோக எதிரொலி வரும். கூரையிலிருந்து இறங்கிய சத்தம் தரையில் பட்டு மறுபடி ஏறும், சுவரில் பட்டு மறுபடி வரும். அப்புறம் எது மேலிருந்து வந்தது என்று காதுக்கு எப்படித் தெரியும்? கூரையை மட்டும் மொட்டையாக விட்டுவிட்டு மற்ற இடங்களை மெத்தென்று ஆக்குவதுதான் தீர்வு. சோஃபாவுக்கும் டிவிக்கும் நடுவில் தடிமனான கம்பளம், ஜன்னல்களுக்குக் கனமான திரைச்சீலை, சோஃபா தோல் இல்லாமல் துணியில். கோரைப்பாய் போட்டால் போதுமா என்று கேட்பார்கள், அது போதாது. மெல்லிய ஜமுக்காளம் ஒன்றை விரிப்பதைவிட இரண்டை மடித்துப் போடுவது மேல்.

இப்போது பார். பெட்டியில் 3.1.2, 5.1.4 என்று மூன்று எண்கள் போட்டிருப்பார்கள். முதல் எண் காதுமட்டத்தில் இருக்கும் ஸ்பீக்கர் வழிகள், இரண்டாவது சப்வூஃபர், மூன்றாவதுதான் உயரம். மூன்றாவது எண் இல்லாமல் 2.1, 3.1 என்று மட்டும் போட்டு 'அட்மாஸ்' என்றும் எழுதியிருந்தால் அது நான் மேலே சொன்ன விர்ச்சுவல் வகை. எண்ணை மட்டும் நம்பாமல் கடையில் பாரை மேலிருந்து பாருங்கள், இரண்டு ஓரத்திலும் சாய்வாக வலை போட்ட ஸ்பீக்கர் கண்ணில் படவேண்டும். மூன்றாவது எண் 2 என்றால் முன்னால் மட்டும் உயரம். 4 என்றால் பெரும்பாலும் பின் ஸ்பீக்கர்களின் தலையிலும் மேல்நோக்கிய ஸ்பீக்கர் இருக்கும், அப்போதுதான் சத்தம் முன்னாலிருந்து தலைக்கு மேலே போய்ப் பின்னால் இறங்குவது கேட்கும். சாம்சங்கின் HW-Q990 வரிசையும் ஜேபிஎல்லின் Bar 1000-உம் இந்த வகை. உங்கள் ஹாலில் சோஃபாவுக்குப் பின்னால் ஐந்தாறு அடி இடம் மிஞ்சுகிறது, எனவே பின் ஸ்பீக்கருக்கு இடப்பஞ்சம் இல்லை. பட்ஜெட் இடித்தால் என் வரிசை இது: முதலில் தனி நடு ஸ்பீக்கர் உள்ள பார், வசனம் அதில்தான் வரும். அடுத்தது பின் ஸ்பீக்கர்கள். அதற்கடுத்துத்தான் உயரம். பின் ஸ்பீக்கர் இல்லாமல் முன்னால் மட்டும் உயரம் உள்ள பாரைவிட, உயரம் இல்லாமல் பின் ஸ்பீக்கர் உள்ள பார் வீட்டில் எல்லாரையும் அதிகம் திருப்திப்படுத்தும்.

அடுத்து, அட்மாஸ் பாருக்கு வந்து சேரவேண்டும். ஆப்டிகல் கேபிளில் அட்மாஸ் வராது, எச்டிஎம்ஐ தான் வேண்டும். டிவியில் `ARC` அல்லது `eARC` என்று எழுதிய துளையில் போடவேண்டும். ஓடிடி ஆப்களின் அட்மாஸ் சாதாரண `ARC`-யிலேயே வந்துவிடும். புளூரே தட்டின் சுருக்காத அட்மாஸ் டிவி வழியாகப் போகவேண்டுமென்றால்தான் `eARC` கட்டாயம். டிவியின் ஒலி மெனுவில் `PCM` என்று இருந்தால் பாருக்கு உயரக் குறிப்பு எதுவும் போகாது, அதை `Pass Through` அல்லது `Auto` என்று மாற்றுங்கள். நெட்ஃபிளிக்ஸில் பிரீமியம் திட்டம் இல்லாவிட்டால் அட்மாஸ் வராது. எல்லாம் சரியாக இருந்தால் பாரின் திரையிலோ அதன் ஆப்பிலோ `Dolby Atmos` என்று தெரியும். அது தெரியாதவரை கூரையைக் குறை சொல்லவேண்டாம்.

மாட்டி முடித்தபின் பாரில் தானாக அறையை அளக்கும் வசதி இருந்தால் முதலில் அதை ஓடவிடுங்கள். கையால் போடும் பாராக இருந்தால் கூரையின் உயரத்தைக் கேட்கும். தரையிலிருந்து அளப்பதா, பாரிலிருந்து அளப்பதா என்று கையேட்டில் பார்த்துப் போடுங்கள், இரண்டடி வித்தியாசம் இங்கே முக்கியம். அப்புறம் உயர ஸ்பீக்கரின் ஒலி அளவை இரண்டு மூன்று படி கூட்டுங்கள். அதற்குமேல் கூட்டினால் வசனத்தின் மேல் ஒரு 'ஸ்ஸ்' படியத் தொடங்கும், அதுதான் நிறுத்தவேண்டிய இடம்.

கூரை வேலை செய்கிறதா என்று சோதிக்க ஒரு தடிமனான துண்டு போதும். மழை தொடர்ந்து பெய்யும் ஒரு அட்மாஸ் காட்சியை ஓடவிட்டுக் கண்ணை மூடிக்கொள்ளுங்கள். வேறொருவர் துண்டை நாலாக மடித்து மேல்நோக்கிய ஸ்பீக்கர்கள் மேல் வைத்து எடுக்கட்டும், வைத்தாரா எடுத்தாரா என்று உங்களுக்குச் சொல்லவேண்டாம். துண்டு வைத்ததும் மழை கூரையிலிருந்து இறங்கி டிவிக்குள் போனால் கூரை தன் வேலையைச் செய்கிறது. மழையின் கூர்மை மட்டும் மங்கி, இடம் மாறவில்லையென்றால் நீங்கள் கேட்டுக்கொண்டிருந்தது கசிவு. அப்போது சோஃபாவைப் பாரிலிருந்து எட்டடி தூரம் வரும்படி முன்னால் இழுத்துப் பாருங்கள். 20 டிகிரி சாய்வில் கிளம்பும் சத்தத்தின் நடுப்பகுதி உங்கள் ஹாலில் பாரிலிருந்து ஐந்தரை அடியில் இறங்குகிறது, பத்தடியில் அதன் ஓரம்தான் கிடைக்கும். முன்னால் வர வர கூர்மையான சத்தம் நிறைந்து வரும். துண்டு வைத்தாலும் எடுத்தாலும் எந்த மாற்றமும் இல்லையென்றால் அந்த ஸ்பீக்கர்களுக்குச் சத்தமே போகவில்லை, மறுபடி டிவி மெனுவுக்குப் போகவேண்டியதுதான்.

டிவி யூனிட்டுக்கு ஆசாரியிடம் சொல்லும்போது பார் வைக்கும் தட்டுக்கு மேலே எந்தப் பலகையும் வரக்கூடாது என்று இப்போதே சொல்லிவிடுங்கள். பாரைத் தட்டின் முன்விளிம்பு வரை இழுத்து வைக்கவேண்டும், சுவரில் மாட்டிய டிவியின் அடிப்பக்கம் அதன் தலைக்கு மேலே நீட்டிக்கொண்டு நிற்கக்கூடாது. மூன்று பக்கம் பலகையும் மேலே ஒரு தட்டும் வைத்த அழகான பெட்டிக்குள் இந்தப் பாரைச் செருகினால், கூரைக்குப் போகவேண்டிய சத்தம் அந்தத் தட்டிலேயே பட்டுத் திரும்பிவிடும்.